வீழும் குண்டின் கணக்கு

கையிலிருந்து நழுவும் பொருள் கீழே விழுகின்றது என்பதை எல்லாரும் அறிவர். அது விழ விழ வேகம் மிகுந்து செல்கின்றது என்பதையும் பலர் அறிவர். தாழ்ந்த கிளையிலிருந்து விழும் மாங்காய் தோளில் பட்டால் நாம் பொறுத்துக்கொள்கிறோம். உச்சிக் கிளையிலிருந்து விழுவது பட்டால் துடித்துப்போகிறோம். ஆனால் அவ்வேகம் ஒவ்வொரு வினாடியிலும் எவ்வளவு மிகுகின்றது என்று கேட்டால், அதற்கு விடையை அளந்துதான் காணவேண்டும். அவ்வளவையே புவியீர்ப்பு முடுக்கம் என்கிறோம். பாடநூல்கள் பலவற்றில் அது 9.81 என்று அச்சிடப்பட்டிருக்கும். அதாவது, தடையின்றி விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு வினாடியிலும் வினாடிக்கு 9.81 மீட்டர் வீதம் கூடுகின்றது என்பது பொருள்.

இதனை அளப்பதில் பெருந்தொல்லை காலத்தை அளப்பதே ஆகும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் அரை வினாடிக்குள் தரையைத் தொட்டுவிடுகின்றது. கண்ணால் கண்டு, விரலால் கடிகாரத்தின் பொத்தானை அழுத்துவதற்கே நமக்கு வினாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேண்டும். இத்தொல்லையை உணர்ந்த கலிலியோ, பொருளை நேராக விழவிடாமல் சாய்ந்த பலகையின்மீது உருளவிட்டு அதன் வேகத்தைக் குறைத்தார். ஒரு கலத்திலிருந்து ஒழுகிய நீரை நிறுத்துக் காலத்தைக் கணக்கிட்டார். இம்முறையை 1638-ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் அவர் விளக்கியுள்ளார். இன்று பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே, பலகையைச் சாய்க்காமல், நேராக விழும் குண்டினைக் கொண்டு நாம் அளக்கலாம். அதற்குத் துணைபுரியும் கருவி ஒளிவாயில் எனப்படும்.

ஒளிவாயில் என்பது லாட வடிவமான ஒரு சிறு சட்டம். அதன் ஒரு காலிலிருந்து கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி மெல்லிய கற்றையாகப் புறப்பட்டு, எதிர்க்காலில் உள்ள ஒளியுணரியின்மீது விழுகின்றது. இடையே ஏதேனும் ஒரு பொருள் புகுந்தால் ஒளி மறைகின்றது. மறைந்த அக்கணமே மின்னணுக் கடிகாரம் ஓடத் தொடங்குகின்றது. மற்றோர் ஒளிவாயிலைக் கீழே பொருத்தினால், அங்கே ஒளி மறையும் கணத்தில் கடிகாரம் நின்றுவிடும். நம் கண்ணும் விரலும் இதில் தலையிடுவதே இல்லை. வினாடியின் பதினாயிரத்தில் ஒரு பங்கையும் இக்கடிகாரம் காட்டும்.

ஆய்வின் அமைப்பைப் பார்ப்போம். உயரமான ஓர் இரும்புக் கம்பத்தின் உச்சியில் ஒரு மின்காந்தம் பொருத்தப்பட்டுள்ளது. அது 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓர் எஃகுக் குண்டைப் பற்றிக்கொண்டிருக்கின்றது. குண்டின் அடிப்புள்ளியிலிருந்து 5 சென்டிமீட்டர் கீழே முதல் ஒளிவாயிலும், அதற்கும் கீழே இரண்டாம் ஒளிவாயிலும் உள்ளன. மின்னோட்டத்தை நிறுத்தினால் காந்தம் தன் பிடியை விடும். குண்டு இரண்டு வாயில்களையும் கடந்து, கீழே வைத்துள்ள மணற்பெட்டியில் விழும்.

காந்தத்திலிருந்து விடுபடும் கணத்திலேயே கடிகாரத்தைத் தொடங்கிவிடலாமே, மேல்வாயில் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மின்னோட்டம் நின்றாலும் காந்தத் தன்மை முழுவதும் அக்கணமே மறைந்துவிடுவதில்லை. எஞ்சிய சிறிது காந்தம் குண்டை ஓரிரு கணம் பிடித்து வைத்துக்கொள்ளும். கடிகாரம் ஓடும், குண்டோ இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் காலம் மிகுதியாகவும், முடுக்கம் குறைவாகவும் காணப்படும். மேல்வாயிலில் காலத்தைத் தொடங்கினால் இக்குறை நீங்கிவிடுகின்றது. காந்தம் எவ்வளவு தாமதித்தாலும், குண்டு மேல்வாயிலைத் தொடும்போதுதானே கடிகாரம் விழித்தெழுகின்றது!

ஆனால் இதனால் வேறொரு சிக்கல் எழுகின்றது. மேல்வாயிலை அடையும்போதே குண்டு சிறிது வேகம் பெற்றிருக்கும். அத்தொடக்க வேகத்தை u என்றும், இரு வாயில்களுக்கும் இடைப்பட்ட தொலைவை s என்றும், காலத்தை t என்றும், முடுக்கத்தை g என்றும் குறித்தால், நீங்கள் முன்னரே கற்ற சமன்பாடு இவ்வாறு அமையும்:

s = ut + ½gt²

இதில் u நமக்குத் தெரியாது. அதனைத் தனியே அளக்கவும் வேண்டியதில்லை. இருபுறமும் t-ஆல் வகுத்துப் பாருங்கள்:

s/t = u + ½gt

இப்போது கீழ்வாயிலை மட்டும் வெவ்வேறு இடங்களில் வைத்து ஆய்வை மீண்டும் செய்தால், s மாறும்; t மாறும்; u மாறாது. ஏனெனில் காந்தமும் மேல்வாயிலும் தம் இடத்தை விட்டு அசையவில்லை. ஆகவே, இருவேறு தொலைவுகளுக்கு s/t மதிப்பைக் கண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் u தானே நீங்கிவிடும். ஐந்தாறு தொலைவுகளுக்கு அளந்து வரைபடம் வரைந்தால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் அமையும். அக்கோட்டின் சரிவின் இருமடங்கு g ஆகும். நாம் இங்கே கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு இரண்டு தொலைவுகளையே எடுத்துக்கொள்வோம்.

சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இவ்வாய்வு நடைபெற்றதாகக் கொள்வோம். கீழ்வாயிலை 0.40 மீட்டரில் வைத்துப் பத்து முறை குண்டை விடுகிறோம். காலத்தின் சராசரி 0.20232 வினாடி. பின்னர் 1.00 மீட்டரில் வைத்துப் பத்து முறை விடுகிறோம்; சராசரி 0.36260 வினாடி. முதல் அளவில் s/t என்பது 1.9771. இரண்டாம் அளவில் 2.7579. இவற்றின் வேறுபாடு 0.7808. காலங்களின் வேறுபாடு 0.16028. முன்னதைப் பின்னதால் வகுத்து இரட்டித்தால் கிடைக்கும் விடை 9.74.

பாடநூல் 9.81 என்கின்றது, நமக்குக் கிடைத்ததோ 9.74. குறைவு 0.07. நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இவ்விடத்தில் மாணவர்கள் பலர் இரண்டு வழிகளில் ஒன்றைப் பின்பற்றுகின்றனர். சிலர் கால அளவின் கடைசி இலக்கத்தைச் சற்றே திருத்தி, விடையை 9.81-க்கு அருகில் கொண்டுவந்து குறிப்பேட்டில் எழுதிவிடுகின்றனர். அது பொய்; அதைப்பற்றிப் பேசத் தேவையில்லை. மற்றையோர் உண்மையான எண்ணையே எழுதி, அடியில் “காற்றின் தடையால் விடை குறைந்தது” என்று ஒரு வரி சேர்த்து முடித்துவிடுகின்றனர். இது பொய்யன்று, எனினும் விளக்கமும் அன்று. காற்று எவ்வளவு குறைத்தது? முழுக் குறைவுக்கும் அதுவே பொறுப்பா? இவற்றைக் கேட்காத வரையில் அந்த வரி ஒரு சாக்குப்போக்கே ஆகும்.

முதலில் ஒன்றைத் தெளிவு செய்துகொள்ளவேண்டும். அளவைகளில் தோன்றும் பிழைகள் இருவகைப்படும். ஒருவகைப் பிழை ஒருமுறை கூட்டியும் ஒருமுறை குறைத்தும் காட்டும். பலமுறை அளந்து சராசரி கண்டால் அது பெரும்பாலும் மறைந்துவிடும். மற்றொருவகைப் பிழை எப்போதும் ஒரே பக்கமாகவே இழுக்கும். எத்தனை முறை அளந்தாலும் அது போகாது. எடைக்கல் தேய்ந்த கடையில் நூறு முறை வாங்கினாலும் நூறு முறையும் சரக்குக் குறைவாகத்தான் வரும் அல்லவா? நம் ஆய்வை அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் செய்து பார்த்து, ஒவ்வொரு முறையும் விடை 9.74-ஐ ஒட்டியே வந்தால், நம்முடையது இரண்டாம் வகைப் பிழை என்று அறியலாம். இதற்குச் சராசரி மருந்தாகாது. இழுப்பது எது என்று தேடித்தான் பிடிக்கவேண்டும்.

கடிகாரத்தின் கடைசி இலக்கம் எவ்வளவு வலிமை உடையது என்பதையும் பார்த்துக்கொள்வோம். ஒரு மீட்டருக்கான காலம் வினாடியின் பதினாயிரத்தில் ஒரு பங்கு மிகுந்தால், விடை ஏறத்தாழ 0.016 குறைந்துவிடுகின்றது. அத்துணைச் சிறு தாமதம் எங்கே நேர்ந்திருக்கக்கூடும்?

குண்டு உருண்டையானது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அதன் அடிப்புள்ளி ஒளிக்கற்றையைத் தொடும் கணத்தில் ஒளி மறையவேண்டும் என்பது நம் எண்ணம். மேல்வாயிலிலும் அடிப்புள்ளி, கீழ்வாயிலிலும் அடிப்புள்ளி. ஆகவே குண்டின் பருமன் கணக்கில் வரவில்லை. ஆனால் கீழ்வாயிலில் ஒளிக்கற்றை குண்டின் நடுவுக்கு நேரே இல்லாமல் சிறிது விலகியிருந்தால் என்ன ஆகும்? அப்போது அடிப்புள்ளி கற்றையின் ஓரமாகக் கடந்து சென்றுவிடும். அடிப்புள்ளிக்குச் சற்று மேலே, குண்டின் வளைந்த பக்கமே ஒளியை மறைக்கும். அதாவது ஒளி சிறிது காலம் தாழ்த்து மறையும். கற்றை 3.6 மில்லிமீட்டர் விலகியிருந்தால், குண்டு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் மிகுதியாக இறங்கிய பின்னரே ஒளி மறையும். அங்கே குண்டின் வேகம் வினாடிக்கு நாலரை மீட்டர். அவ்வேகத்தில் 0.7 மில்லிமீட்டரைக் கடக்க ஆகும் காலம் பதினாயிரத்தில் ஒன்றரைப் பங்கு வினாடி. நாம் தேடிய தாமதத்தின் அளவும் ஏறத்தாழ இதுவே.

இவ்விலகல் மேல்வாயிலில் நேர்ந்தாலும் விடை குறையும். கடிகாரம் காலந்தாழ்த்தித் தொடங்குவதால் இரு தொலைவுகளுக்கான காலங்களும் ஒரே அளவு குறைந்து, s/t மதிப்புகளின் வேறுபாடு சுருங்கிவிடும். ஆனால் மேல்வாயில் காந்தத்திற்கு மிக அருகில் இருப்பதால் அதனைக் கண்ணாலேயே நேராக வைத்துவிடுகிறோம். ஒரு மீட்டருக்கும் கீழே உள்ள வாயிலே நம் கண்ணை ஏமாற்றுகின்றது. ஆதலால்தான் இப்பிழை பெரும்பாலும் கீழ்வாயில் வழியாகவே வந்து சேர்கின்றது.

குண்டு எப்படி விலகிச் சென்றது என்று வியப்படைய வேண்டா. குண்டு நேராகத்தான் விழுந்தது, கம்பமே சாய்ந்திருந்தது. ஒரு மீட்டர் உயரத்திற்கு 3.6 மில்லிமீட்டர் சாய்வு என்பது கண்ணுக்குத் தோன்றாது. வீடு கட்டும் கொத்தனார் சுவர் நேராக எழும்புகின்றதா என்று பார்ப்பதற்குக் கயிற்றில் கட்டிய தூக்குக்குண்டைத் தொங்கவிடுவதைக் கண்டிருப்பீர்கள். அதையே நாமும் செய்யவேண்டும். காந்தத்தின் நடுவிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அதன் கயிறு இரு வாயில்களிலும் ஒளிக்கற்றையை மறைக்கும் வரையில் கம்பத்தின் அடித்திருகுகளைத் திருத்தவேண்டும். கயிறு மெல்லியதாதலால், ஒளி மறைந்ததைக் கடிகாரமே நமக்குச் சொல்லிவிடும். கற்றையின் போக்கிலேயே குண்டு முன்னோ பின்னோ விலகினால் தீங்கில்லை. கற்றைக்குக் குறுக்கான விலகலே தீங்கு பயப்பது.

இது வெறும் ஊகமா, உண்மையா என்று சோதிக்கவும் வழியுண்டு. கம்பத்தை நிமிர்த்திய பின், 1.00 மீட்டர் அளவின்போது மட்டும் கீழ்வாயிலை வேண்டுமென்றே 7 மில்லிமீட்டர் குறுக்காக நகர்த்தி வைத்து அளந்து பாருங்கள். விடை 9.66 அளவிற்கு இறங்கிவிடும். பிழையைப் பெரிதாக்கிக் காட்டுவது அதன் அடையாளத்தை அறிய நல்ல வழியாகும்.

கம்பத்தை நிமிர்த்திய பின் மீண்டும் அளக்கிறோம். 0.40 மீட்டருக்கு 0.20228 வினாடி, 1.00 மீட்டருக்கு 0.36245 வினாடி. முன்போலவே கணக்கிட்டால் விடை 9.76. குறைவில் 0.02 மீண்டுவிட்டது. இன்னும் 0.05 எஞ்சியுள்ளது.

இனிக் காற்றுக்கு வருவோம். காற்று விழும் பொருளை இரண்டு வகையில் தாங்குகின்றது. நீரில் மூழ்கிய குடம் எடை குறைந்து தோன்றுவது போலக் காற்றில் உள்ள பொருளும் சிறிது எடை குறைகின்றது. எஃகுக் குண்டுக்கு இது ஆறாயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு, பொருட்படுத்த வேண்டியதில்லை. மற்றொன்று தடை. குண்டு தன் வழியிலுள்ள காற்றை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு செல்லவேண்டியிருக்கின்றது. வேகம் இருமடங்கானால் இத்தடை நான்கு மடங்காகின்றது. மேல்வாயிலில் குண்டின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர். அங்கே தடை மிகச் சிறிது. கீழ்வாயிலிலோ வேகம் நாலரை மீட்டர். தடை இருபது மடங்காகிவிடுகின்றது. அப்போது அது குண்டின் எடையில் ஏறத்தாழ 180-இல் ஒரு பங்கு.

இதனைச் சூத்திரத்தால் கணக்கிடலாம். ஆனால் அச்சூத்திரத்தில் காற்றின் அடர்த்தியும், குண்டின் குறுக்குப் பரப்பும், வடிவத்திற்கு ஏற்ற ஓர் எண்ணும் வேண்டும். அவற்றை நம்பி ஏற்பதைவிட, காற்றைக்கொண்டே காற்றின் பங்கைச் சொல்லவைப்பது அழகிய முறை. அதற்கு வேண்டுவது எஃகுக் குண்டின் அளவே உள்ள, வழவழப்பான ஒரு மரக்குண்டு.

இரண்டும் ஒரே பருமன் உடையவை. ஆகவே ஒரே வேகத்தில் செல்லும்போது காற்று இரண்டையும் ஒரே விசையோடு தடுக்கின்றது. ஆனால் எஃகுக் குண்டின் நிறை 33 கிராம். மரக்குண்டின் நிறை 3 கிராம். ஒரே விசை, பதினோரு மடங்கு இலேசான பொருளின்மீது செயல்பட்டால் பதினோரு மடங்கு மிகுதியாக அதன் வேகத்தைக் குறைக்கும். எடைமிக்க கட்டைவண்டியைத் தள்ளி நிறுத்துவதற்கும், வெறும் சக்கரத்தைத் தள்ளி நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாடே இது. காற்றில் மிதப்பதால் உண்டாகும் குறைவும் இவ்வாறே நிறைக்கு ஏற்ப மாறுவதால், காற்றின் இருவகைத் தாங்கலும் இந்த ஒரே விகிதத்தில் அடங்கிவிடுகின்றன.

மரக்குண்டைக் காந்தம் பற்றாதே என்பீர்கள். அதன் உச்சியில் ஒரு சிறு இரும்பு ஆணியைத் தலை வெளியே தெரியாதபடி மட்டமாக அடித்துவிட்டால் போதும். விழும் பொருளின் வடிவம் மாறிவிடக்கூடாது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

மரக்குண்டை விட்டு அளந்தால் 0.40 மீட்டருக்கு 0.20304 வினாடியும், 1.00 மீட்டருக்கு 0.36495 வினாடியும் ஆகும். விடை 9.51. எஃகுக் குண்டின் விடையைவிட இது 0.25 குறைவு. பாருங்கள், காற்று இப்போது தன்னை மறைத்துக்கொள்ள முடியவில்லை.

இனிக் கணக்கு எளிது. எஃகுக் குண்டுக்குக் காற்றால் நேர்ந்த குறைவை ஒரு பங்கு என்று கொண்டால், மரக்குண்டுக்கு நேர்ந்தது பதினோரு பங்கு. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு பத்துப் பங்கு. அவ்வேறுபாடு 0.25 என்று அளந்து கண்டோம். ஆகவே ஒரு பங்கு 0.025. காற்றே இல்லாதிருந்தால் எஃகுக் குண்டு காட்டியிருக்கும் மதிப்பு, 9.76-உடன் 0.025-ஐக் கூட்டிய 9.785 ஆகும். காற்றை வெளியேற்றும் பம்பு இல்லாமலேயே, காற்றற்ற இடத்தில் விழும் குண்டின் முடுக்கத்தை நாம் கண்டுவிட்டோம்.

உயரத்தைக் குறைத்தால் வேகமும் குறையும், தடையும் குறையும். அவ்வாறு செய்தால் என்ன என்று கூரிய மாணவர் கேட்கக்கூடும். 20, 40 சென்டிமீட்டர் தொலைவுகளோடு நிறுத்திக்கொண்டால் காற்றின் பங்கு குறைவது மெய்தான். ஆனால் காலமும் சுருங்கிவிடுகின்றது. அப்போது கடிகாரத்தின் பதினாயிரத்தில் ஒரு பங்குப் பிழை விடையை 0.016-க்குப் பதிலாக ஏறத்தாழ 0.04 அளவு அசைத்துவிடும். ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் ஒழுகுகின்றது. ஆகையால் உயரத்தை ஒரு மீட்டருக்கு வைத்துக்கொண்டு, காற்றின் பங்கை மேற்சொன்னவாறு கணக்கிட்டுச் சேர்ப்பதே மேல்.

கம்பத்தின் சாய்வும் காற்றின் தடையும் நீங்கிய பின்னரும், 9.785-க்கும் 9.81-க்கும் இடையே 0.025 எஞ்சி நிற்கின்றது. கருவியில் இனிக் குறை காணோம். அப்படியானால் குறை எங்கே உள்ளது? அளந்த எண்ணில் குறை இல்லை. எதனோடு ஒப்பிட்டோமோ அந்த எண்ணில்தான் உள்ளது.

1672-ஆம் ஆண்டில் ழான் ரிஷே என்னும் பிரெஞ்சு வானியலார், தென்னமெரிக்காவின் வடகரையில் நிலநடுக்கோட்டிற்கு அருகிலுள்ள கயேன் என்னும் ஊருக்குச் சென்றார். பாரிசில் சரியாக ஓடிய ஊசற் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கிவிட்டது. அதனைச் சரியாக ஓடச்செய்ய அவர் ஊசலின் நீளத்தை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் குறைக்கவேண்டியதாயிற்று. ஊசலைக் கீழ்நோக்கி இழுப்பதும் புவியீர்ப்பே அன்றோ? ஈர்ப்பு குறைந்தால் ஊசல் மெதுவாக ஆடும். பாரிசைவிடக் கயேனில் ஈர்ப்பின் வலிமை குறைவு என்பது அதனால் வெளிப்பட்டது. 1687-இல் வெளியான தமது பெருநூலில் நியூட்டன் இச்செய்தியை எடுத்தாண்டு, அதற்குக் காரணமும் கூறினார்.

காரணம் இரண்டு. புவி சுழல்கின்றது. துருவத்தில் நிற்பவன் இருந்த இடத்திலேயே சுற்றுகின்றான்; நிலநடுக்கோட்டில் நிற்பவனோ நாளொன்றுக்குப் புவியின் முழுச் சுற்றளவையும் வலம் வருகின்றான். அவனை அவ்வட்டப் பாதையில் வைத்திருப்பதற்கே ஈர்ப்பின் ஒரு சிறு பகுதி செலவாகிவிடுகின்றது. எஞ்சியதுதான் அவன் கைவிட்ட பொருளை விழச் செய்கின்றது. அன்றியும், புவி முழு உருண்டையன்று. இடுப்பில் சற்றுப் பருத்தது. ஆதலால் நிலநடுக்கோட்டில் இருப்பவர் புவியின் மையத்திலிருந்து சிறிது தொலைவாக இருக்கின்றனர். இவ்விரண்டும் சேர்ந்து துருவத்தில் 9.83 ஆக உள்ள முடுக்கத்தை நிலநடுக்கோட்டில் 9.78 ஆக்கிவிடுகின்றன. இக்குறைவில் மூன்றில் இரண்டு பங்கு சுழற்சியால் வருவது.

9.81 என்பது பாரிசு, இலண்டன் போன்ற நகரங்களில் அளந்தால் கிடைக்கும் மதிப்பு. நம் பாடநூல்களுக்கு முன்மாதிரியாக இருந்த நூல்கள் அந்நாடுகளில் எழுதப்பட்டவை. 1901-ஆம் ஆண்டில் எடைகள், அளவைகள் பற்றிய பன்னாட்டுப் பொதுமாநாடு 9.80665 என்னும் எண்ணைப் பொதுமதிப்பாக ஏற்றது. அதுவும், துருவத்திற்கும் நிலநடுக்கோட்டிற்கும் நடுவிலுள்ள 45-ஆம் பாகைக் குறுக்குக்கோட்டில், கடல்மட்டத்திற்கு உரியதாகக் கொள்ளப்பட்ட எண்ணேயாகும். சென்னையோ 13-ஆம் பாகையில் உள்ளது. அங்கே புவியீர்ப்பு முடுக்கத்தின் உண்மையான மதிப்பு 9.783.

நாம் கண்ட 9.785-உடன் இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். எஞ்சிய வேறுபாடு 0.002. அது நம் கடிகாரத்தின் கடைசி இலக்கம் அசைக்கக்கூடிய அளவினும் சிறிது. இந்தக் கம்பத்தையும் இந்த இரண்டு வாயில்களையும் கொண்டு அதற்குமேல் எதையும் சொல்ல இயலாது. முதலில் கிடைத்த 9.74-இல் காணப்பட்ட 0.07 குறைவில், கம்பத்தின் சாய்வுக்கு உரியது 0.02; காற்றுக்கு உரியது 0.025, மிகுந்த 0.025 சென்னை மண்ணுக்கே உரியது.